ஒரே அளவுகோலில் மதிப்பெண்கள்

நுழையும்முன்

ஒரு பாடத்தில் எழுபத்தாறு மதிப்பெண், மற்றொரு பாடத்தில் எழுபது மதிப்பெண். இவற்றுள் எது சிறந்தது? எழுபத்தாறே சிறந்தது என்று உடனே சொல்லத் தோன்றும். இரண்டு தாள்களும் ஒரே அளவு கடினமானவையா, வகுப்பிலுள்ள மற்றவர்கள் எவ்வளவு பெற்றார்கள் என்பவற்றை அறியாமல் தரப்படும் அவ்விடை, பல வேளைகளில் தவறாகிவிடுகிறது. வெவ்வேறு தேர்வுகளின் மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் முறைகளுள் ஒன்றை இப்பாடம் விளக்குகிறது. சராசரி 50, திட்டவிலக்கம் 10 என்று அமைந்த அவ்வளவுகோலுக்கு 'டி மதிப்பெண்' என்று பெயர்.

எட்டு மாணவர்களும் இரண்டு தேர்வுகளும்

எடுத்துக்காட்டாக ஒரு சிறிய வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதில் எட்டு மாணவர்கள். அவர்கள் தமிழ், கணிதம் ஆகிய இரண்டு தேர்வுகளை எழுதியுள்ளனர். ஒவ்வொரு தேர்வுக்கும் உச்ச மதிப்பெண் நூறு. இரண்டு தேர்வுகளின் அடிப்படையில் ஒரே ஒருவருக்கு உதவித்தொகை வழங்கப்பட உள்ளது. இரண்டு பாடங்களுக்கும் சம மதிப்பு அளிக்கப்படும் என்பது விதி.

| மாணவர் | தமிழ் | கணிதம் | கூடுதல் |
|---|---|---|---|
| செழியன் | 70 | 86 | 156 |
| கயல்விழி | 76 | 70 | 146 |
| முகிலன் | 82 | 62 | 144 |
| அரசி | 80 | 46 | 126 |
| வளவன் | 72 | 46 | 118 |
| நிலா | 78 | 38 | 116 |
| இனியன் | 76 | 30 | 106 |
| மலர் | 66 | 22 | 88 |

விடைத்தாள் திருத்தப்பட்டவுடன் கிடைக்கும் இம்மதிப்பெண்களை 'மூல மதிப்பெண்கள்' என்பர். மூல மதிப்பெண்களைக் கூட்டினால் செழியனுக்கே உதவித்தொகை. அவரை அடுத்துக் கயல்விழியும் முகிலனும் நிற்கின்றனர். நூற்றுக்கு நூறு என்னும் ஒரே உச்ச வரம்பு இரண்டு தாள்களுக்கும் இருப்பதால், இக்கூட்டல் நேர்மையானது என்றே தோன்றும். அத்தோற்றம் உண்மையா என்பதைக் காண, அட்டவணையின் இரண்டு நிரல்களையும் தனித்தனியே உற்று நோக்கவேண்டும்.

தமிழில் அனைவரும் 66 முதல் 82 வரை என்னும் குறுகிய இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றனர். கணிதத்திலோ 22 முதல் 86 வரை பரந்து கிடக்கின்றனர். தமிழில் ஒருவர் மற்றவரை நான்கு மதிப்பெண் முந்துவது பெரிய செய்தி. கணிதத்தில் நான்கு மதிப்பெண் வேறுபாடு ஏறக்குறையப் பொருட்படுத்தத் தகாதது. தமிழின் ஒரு மதிப்பெண்ணும் கணிதத்தின் ஒரு மதிப்பெண்ணும் பெயரால் ஒன்றேயன்றி அளவால் ஒன்றல்ல. முழத்தையும் சாணையும் 'ஒன்று, இரண்டு' என்று சேர்த்து எண்ணிக் கூட்டுவதைப் போன்றதே அவற்றை நேரடியாகக் கூட்டுவதும்.

சராசரியும் திட்டவிலக்கமும்

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒவ்வொரு தேர்வைப் பற்றியும் இரண்டு செய்திகள் தேவை. வகுப்பின் மதிப்பெண்கள் எந்த இடத்தை மையமாகக் கொண்டுள்ளன என்பது முதலாவது. அம்மையத்திலிருந்து அவை எவ்வளவு தொலைவு சிதறியுள்ளன என்பது இரண்டாவது. முதலாவதைச் சராசரி கூறும். இரண்டாவதைத் திட்டவிலக்கம் கூறும்.

தமிழ் மதிப்பெண்களின் கூடுதல் 600. எட்டால் வகுத்தால் சராசரி 75. இனி ஒவ்வொரு மாணவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளார் என்று காணவேண்டும். முகிலன் +7, அரசி +5, நிலா +3, கயல்விழியும் இனியனும் +1, வளவன் −3, செழியன் −5, மலர் −9. இவ்விலக்கங்களை அப்படியே கூட்டினால் விடை சுழியாகிவிடும். சராசரிக்கு மேலுள்ளவையும் கீழுள்ளவையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துகின்றனர். 49, 25, 9, 1, 1, 9, 25, 81 ஆகியவற்றின் கூடுதல் 200. அதை எட்டால் வகுத்தால் 25. அதன் வர்க்கமூலம் 5. இதுவே தமிழ்த் தேர்வின் திட்டவிலக்கம்.

கணிதத்திற்கும் இதே வழி. மதிப்பெண்களின் கூடுதல் 400, சராசரி 50. விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 3200, எட்டால் வகுக்க 400, வர்க்கமூலம் 20. கணிதத்தின் திட்டவிலக்கம், தமிழின் திட்டவிலக்கத்தைப்போல் நான்கு மடங்கு என்பது இப்போது எண்ணாகவே வெளிப்படுகிறது.

இங்கே வர்க்கக் கூடுதலை மாணவர் எண்ணிக்கையாகிய எட்டால் வகுத்தோம். ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட மாதிரியாக அவ்வெட்டுப் பேரையும் கருதினால், ஒன்று குறைத்து ஏழால் வகுப்பது வழக்கம். அவ்வாறு செய்தால் திட்டவிலக்கம் சற்றே கூடும். வகுப்பையே முழுக் குழுவாகக் கொள்ளும்போது எட்டால் வகுப்பது பொருந்தும். எதைத் தெரிவு செய்தாலும் எல்லாத் தேர்வுகளுக்கும் அதையே பின்பற்றவேண்டும் என்பதே முதன்மையானது.

மூல மதிப்பெண்ணிலிருந்து டி மதிப்பெண்ணுக்கு

மாற்றம் இரண்டு படிகளில் நிகழ்கிறது. முதற்படியில், மூல மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, வரும் விலக்கத்தைத் திட்டவிலக்கத்தால் வகுக்கவேண்டும். கிடைப்பது 'இசட் மதிப்பெண்' எனப்படும். ஒரு மாணவர் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கத் தொலைவில் நிற்கிறார் என்பதை அது காட்டுகிறது. இரண்டாம் படியில், இசட் மதிப்பெண்ணைப் பத்தால் பெருக்கி ஐம்பதைக் கூட்டவேண்டும்.

```
z = (X − M) / S
T = 50 + 10z
```

இவ்வாய்பாட்டில் X என்பது மூல மதிப்பெண், M என்பது சராசரி, S என்பது திட்டவிலக்கம்.

கயல்விழியின் மதிப்பெண்களைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். தமிழில் அவர் பெற்றது 76. சராசரியைவிட 1 மிகுதி. அதை 5ஆல் வகுத்தால் 0.2. பத்தால் பெருக்கினால் 2. ஐம்பதைக் கூட்டினால் 52. கணிதத்தில் அவர் பெற்றது 70. சராசரியைவிட 20 மிகுதி. அதை 20ஆல் வகுத்தால் 1. பத்தால் பெருக்கி ஐம்பதைக் கூட்டினால் 60.

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை கிடைக்கிறது. கயல்விழியின் எழுபத்தாறு வகுப்பின் நடுப்பகுதியைச் சற்றே கடந்து நிற்கிறது. அவரது எழுபதோ சராசரியை ஒரு முழுத் திட்டவிலக்கம் தாண்டி நிற்கிறது. இந்த வகுப்பைப் பொறுத்தவரை எழுபதே மேலானது.

இசட் மதிப்பெண்ணே ஒப்பீட்டுக்குப் போதுமெனில், பத்தால் பெருக்குவதும் ஐம்பதைக் கூட்டுவதும் எதற்கு என்னும் ஐயம் எழலாம். இசட் அளவில் சராசரி சுழி. சராசரிக்குக் கீழுள்ளவர் அனைவரும் குறை எண் பெறுவர். மலரின் கணித இசட் மதிப்பெண் −1.4. இத்தகைய எண்ணை மதிப்பெண் அட்டையில் எழுதினால் பெற்றோர்க்கு அதன் பொருள் விளங்காது; படி எடுக்கும்போது குறைக்குறி விடுபட்டுப்போகவும் கூடும். பத்தால் பெருக்குவதால் பதின்மக் கூறு பெரும்பாலும் நீங்குகிறது. ஐம்பதைக் கூட்டுவதால் குறைக்குறி நீங்குகிறது. மலரின் −1.4 என்பது 36 ஆகிறது. சராசரியின் இருபுறமும் மூன்று திட்டவிலக்கம் வரை சென்றாலும் டி மதிப்பெண் 20 முதல் 80 வரைக்குள் அடங்கிவிடுகிறது. பின்னம் வந்தால், கணக்கின் இறுதியில் மட்டுமே முழுமையாக்கவேண்டும். இடையில் இசட் மதிப்பெண்ணை முழுமையாக்கினால் பிழை பத்து மடங்காகப் பெருகிவிடும்.

தலைகீழான தரவரிசை

எட்டு மாணவர்க்கும் இவ்வாறே கணக்கிட்டால் கிடைக்கும் அட்டவணை வருமாறு:

| மாணவர் | தமிழ் டி | கணித டி | கூடுதல் |
|---|---|---|---|
| முகிலன் | 64 | 56 | 120 |
| கயல்விழி | 52 | 60 | 112 |
| செழியன் | 40 | 68 | 108 |
| அரசி | 60 | 48 | 108 |
| நிலா | 56 | 44 | 100 |
| வளவன் | 44 | 48 | 92 |
| இனியன் | 52 | 40 | 92 |
| மலர் | 32 | 36 | 68 |

மூல மதிப்பெண் வரிசையில் செழியன், கயல்விழி, முகிலன் என்று நின்ற மூவரும் இப்போது முகிலன், கயல்விழி, செழியன் என்று தலைகீழாக நிற்கின்றனர். உதவித்தொகை முகிலனுக்கு உரியதாகிறது. செழியனைவிட முப்பது மூல மதிப்பெண் குறைவாகப் பெற்ற அரசி, அவருக்குச் சமமாக வந்துவிடுகிறார்.

ஒருவரும் விடைத்தாளை மறுபடி திருத்தவில்லை. ஒரு மதிப்பெண்ணும் கூட்டவோ குறைக்கவோ படவில்லை. ஆயினும் வரிசை மாறியதற்குக் காரணம் உண்டு. மூல மதிப்பெண்களைக் கூட்டியபோது, இரண்டு பாடங்களுக்கும் சம மதிப்பு என்னும் விதி உண்மையில் பின்பற்றப்படவில்லை. சிதறல் மிகுந்த கணிதமே தரவரிசையைப் பெரும்பாலும் தீர்மானித்தது. செழியன் தமிழில் வகுப்புச் சராசரிக்கு ஐந்து மதிப்பெண் கீழே இருந்தார். ஒரு முழுத் திட்டவிலக்கப் பின்னடைவு அது. கணிதத்தில் அவர் பெற்ற முப்பத்தாறு மதிப்பெண் முன்னிலை அப்பின்னடைவை அடியோடு மறைத்துவிட்டது. டி மதிப்பெண்ணில் இரண்டு பாடங்களின் திட்டவிலக்கமும் பத்தே. ஆகையால் இரண்டும் ஒரே எடையுடன் கூட்டப்படுகின்றன.

இரண்டு பாடங்களுக்கும் சம எடை தருவதுதான் முறையா என்பது வேறு வினா. பொறியியல் படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுப்போர் கணிதத்திற்கு இரட்டை எடை தர விரும்பலாம். அப்போது கணித டி மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கிக் கூட்டலாம். அது அறிந்தே எடுக்கப்பட்ட முடிவாக இருக்கும். மூல மதிப்பெண்களைக் கூட்டும்போதோ, எவரும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யாமலேயே ஒரு பாடம் எடை மிகுந்ததாகிவிடுகிறது.

சரிபார்க்கும் வழி

டி மதிப்பெண் கணக்கில் பிழை நேர்ந்ததா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. ஒரு தேர்வின் எல்லா டி மதிப்பெண்களையும் கூட்டி மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் 50 வரவேண்டும். மேலே தமிழ் நிரலின் கூடுதல் 400. கணித நிரலின் கூடுதலும் 400. எட்டால் வகுத்தால் இரண்டிலும் 50. அவ்வாறு வராவிடின் கழித்தலிலோ வகுத்தலிலோ பிழை உள்ளது.

இச்சோதனைக்கும் அகப்படாத பிழையொன்று உண்டு. தேர்வுக்கு வராத மாணவருக்குச் சுழி என்று எழுதி, அதையும் கணக்கில் சேர்த்துவிடுவதே அது. மேற்கண்ட வகுப்பில் ஒன்பதாவதாக ஒரு மாணவர் இருந்து, அவர் தமிழ்த் தேர்வு நாளன்று வரவில்லை என்று கொள்வோம். அவருக்குச் சுழி இட்டுக் கணக்கிட்டால், தமிழின் சராசரி 75இலிருந்து 66.7 ஆகத் தாழ்கிறது. திட்டவிலக்கமோ 5இலிருந்து ஏறத்தாழ 24 ஆக உயர்கிறது. முகிலனின் டி மதிப்பெண் 64இலிருந்து 56 ஆக இறங்கிவிடும். வகுப்பிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற மலர், 32இலிருந்து ஏறத்தாழ 50க்கு ஏறிச் சராசரி மாணவராகத் தோற்றமளிப்பார். ஒன்பது டி மதிப்பெண்களையும் கூட்டி வகுத்தால் அப்போதும் 50 என்றே வரும், பிழை வெளிப்படாது. எனவே கணக்கைத் தொடங்குமுன் பட்டியலில் உள்ள சுழிகள் யாவும் உண்மையிலேயே எழுதிப் பெற்ற சுழிகள்தாமா என்று பார்த்துவிடுவது இன்றியமையாதது. மற்றவரிடமிருந்து மிகவும் விலகிய ஒரு டி மதிப்பெண், அதாவது 20ஐ ஒட்டியோ 80ஐ ஒட்டியோ வரும் எண், மூலப் பட்டியலை மீண்டும் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கையாகும்.

டி மதிப்பெண்ணின் எல்லைகள்

டி மதிப்பெண் விழுக்காடு அன்று. டி மதிப்பெண் 50 பெற்றவர் பாதி வினாக்களுக்குச் சரியாக விடையளித்தார் என்று பொருள் கொள்ளலாகாது. மேற்கண்ட தமிழ்த் தேர்வில் 50 என்னும் டி மதிப்பெண், நூற்றுக்கு எழுபத்தைந்தைக் குறிக்கிறது. ஒரு பாடத்தை எவ்வளவு கற்றார் என்பதை அறிய மூல மதிப்பெண்ணே வேண்டும். குழுவில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை மட்டுமே டி மதிப்பெண் சொல்லும். வகுப்பு முழுவதும் நன்கு கற்றாலும், முழுவதும் கற்கத் தவறினாலும் டி மதிப்பெண்களின் சராசரி 50ஆகவே இருக்கும்.

சிதறல் மிகக் குறைந்த தேர்வில் திருத்துவோரின் சிறு வேறுபாடும் பெரிதாகிவிடும். மேற்கண்ட கணிதத் தேர்வில் இரண்டு மதிப்பெண், ஒரு டி மதிப்பெண்ணுக்குச் சமம். தமிழ்த் தேர்விலோ ஒரு மதிப்பெண், இரண்டு டி மதிப்பெண்களுக்குச் சமம். ஒரு கட்டுரை விடைக்கு ஒருவர் ஏழும் மற்றொருவர் ஐந்தும் தருவது இயல்பு. அந்த இரண்டு மதிப்பெண் வேறுபாடு தமிழ் டி மதிப்பெண்ணில் ஏறத்தாழ நான்காக வெளிப்படும். ஆகவே ஒன்றிரண்டு டி மதிப்பெண் வேறுபாட்டைக் கொண்டு ஒருவரை மற்றவரைவிடச் சிறந்தவர் என்று துணிவது பொருந்தாது.

தேர்வு மிக எளிதாக அமைந்துவிட்டால் டி மதிப்பெண்ணால் அதைச் சீராக்க இயலாது. பத்து மாணவர் எழுதிய இருபது மதிப்பெண் தேர்வொன்றில் ஒன்பதுபேர் முழு மதிப்பெண்ணும் ஒருவர் பத்து மதிப்பெண்ணும் பெற்றதாகக் கொள்வோம். சராசரி 19, திட்டவிலக்கம் 3. முழு மதிப்பெண் பெற்ற ஒன்பதுபேரின் டி மதிப்பெண்ணும் ஏறத்தாழ 53. எஞ்சிய ஒருவருக்கு 20. முழு மதிப்பெண் பெற்றும் 53ஐத் தாண்ட முடியாமைக்குக் காரணம் வாய்பாடு அன்று. அவ்வொன்பதுபேருள் எவர் மேலானவர் என்பதைப் பிரித்தறியும் வினா தேர்வில் இல்லாமையே காரணம்.

எல்லாவற்றிலும் முதன்மையான எல்லை, ஒப்பிடப்படும் குழுவைப் பற்றியது. கணிதத்தில் எழுபது பெற்ற கயல்விழிக்கு இவ்வகுப்பில் டி மதிப்பெண் 60. சராசரி 70ஆக உள்ள மற்றொரு பள்ளியில் அதே தாளை எழுதி அதே எழுபதைப் பெற்றிருந்தால் அவரது டி மதிப்பெண் 50ஆகவே இருக்கும். ஆகவே ஒரு பள்ளியின் டி மதிப்பெண்ணை மற்றொரு பள்ளியின் டி மதிப்பெண்ணோடு நேரடியாக ஒப்பிட இயலாது. இரண்டு தேர்வுகளையும் ஒரே குழுவினர் எழுதியிருக்கவேண்டும். அல்லது இரண்டு குழுக்களும் திறனில் ஒத்தவை என்று கொள்வதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும்.

இலங்கையின் பட்டறிவு

குழுவைப் பற்றிய இவ்வினா ஒரு நாட்டின் உயர்கல்வியையே உலுக்கிய நிகழ்வு இலங்கையில் நடந்தது. அந்நாட்டில் பல்கலைக்கழக நுழைவுக்குக் கல்விப் பொதுத் தராதர உயர்தரத் தேர்வே அடிப்படை. மாணவர்கள் பல்வேறு பாடத்தொகுதிகளிலிருந்து மூன்று பாடங்களைத் தெரிவு செய்து எழுதுகின்றனர். ஒரு பாடத்தின் தாள் கடினமாகவும் மற்றொன்றின் தாள் எளிதாகவும் அமைந்தால், மூல மதிப்பெண்களின் கூடுதல் எளிய பாடத்தை எடுத்தோர்க்குச் சாதகமாகிவிடும். இதனைத் தவிர்க்க, 2001ஆம் ஆண்டு முதல் இசட் மதிப்பெண் முறை கையாளப்படுகிறது. ஒவ்வொரு பாடத்திற்கும் இசட் மதிப்பெண் கண்டு, மூன்றின் சராசரியைக் கொண்டு மாணவர் வரிசைப்படுத்தப்படுகின்றனர். ஐம்பதும் பத்தும் சேர்க்கப்படவில்லை என்பதைத் தவிர, அம்முறையும் டி மதிப்பெண் முறையும் ஒன்றே.

2011ஆம் ஆண்டுத் தேர்வைப் பழைய பாடத்திட்டத்தில் பயின்றோரும் புதிய பாடத்திட்டத்தில் பயின்றோரும் எழுதினர். இரு சாராருக்கும் வினாத்தாள்கள் வெவ்வேறு. ஆயினும் இரு குழுக்களையும் ஒன்றாகச் சேர்த்து இசட் மதிப்பெண் கணக்கிடப்பட்டது. வெவ்வேறு தாள்களின் மதிப்பெண்கள் ஒரே சராசரியோடும் ஒரே திட்டவிலக்கத்தோடும் ஒப்பிடப்பட்டன. மாணவர்கள் நீதிமன்றத்தை நாடினர். அக்கணக்கீட்டை ஏற்கமுடியாதென்று 2012இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பெண்கள் மீண்டும் கணக்கிடப்பட்டன. வாய்பாட்டில் எண்களை இடுவதற்கு முன்னரே, எவரை எவரோடு ஒப்பிடுகிறோம் என்னும் வினாவுக்கு விடை காணவேண்டும் என்பதை அந்நிகழ்வு காட்டுகிறது.

மக்காலின் முறை

டி மதிப்பெண்ணை அறிமுகப்படுத்தியவர் அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் மக்கால். கல்வியில் அளவிடும் முறை பற்றி 1922ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் அவர் இதை விளக்கினார். தார்ண்டைக், டெர்மன் ஆகிய உளவியலறிஞர் இருவரின் பெயர்களும் ஆங்கிலத்தில் டி என்னும் எழுத்தில் தொடங்குவதால், அவர்களைச் சிறப்பிக்கும் வகையில் அப்பெயரைச் சூட்டினார்.

மக்கால் கையாண்ட வழி மேலே கண்ட வழியினின்று சற்று வேறானது. இதுவரை கண்டது நேர்கோட்டு மாற்றம். அது மதிப்பெண்களுக்கிடையே உள்ள இடைவெளிகளின் விகிதத்தை அப்படியே காக்கும். பரவலின் வடிவத்தை மாற்றாது. மக்காலோ, ஒரு மதிப்பெண்ணுக்குக் கீழே குழுவின் எத்தனை விழுக்காட்டினர் உள்ளனர் என்று கண்டார். அம்மதிப்பெண்ணையே பெற்றவர்களில் பாதியை அதனுடன் சேர்த்தார். அந்த விழுக்காட்டிற்கு மணி வடிவமுள்ள இயல்நிலைப் பரவலில் எந்த இசட் மதிப்பெண் ஒத்துவரும் என்று அட்டவணையில் பார்த்து, அதைப் பத்தால் பெருக்கி ஐம்பதைக் கூட்டினார். இதனை 'இயல்நிலைப்படுத்திய டி மதிப்பெண்' என்பர்.

முகிலனின் தமிழ் மதிப்பெண்ணை இம்முறையில் மாற்றலாம். அவருக்குக் கீழே எழுவர். அவரில் பாதியைச் சேர்த்தால் ஏழரை. எட்டில் ஏழரை என்பது 93.75 விழுக்காடு. அதற்குரிய இசட் மதிப்பெண் ஏறத்தாழ 1.53, டி மதிப்பெண் 65. நேர்கோட்டு முறையில் அது 64. கணிதத்தில் முதலிடம் பெற்ற செழியனுக்கும் அதே 93.75 விழுக்காடே, ஆகவே அவருக்கும் 65. நேர்கோட்டு முறையிலோ அவர் பெற்றது 68. செழியன் தமக்கு அடுத்தவரைப் பதினாறு மதிப்பெண் முந்தியதும், முகிலன் இரண்டே மதிப்பெண் முந்தியதும் இம்முறையில் ஒன்றாகிவிடுகின்றன. இடம் மட்டுமே எண்ணப்படுகிறது, இடைவெளி எண்ணப்படுவதில்லை.

இயல்நிலைப்படுத்துவது பெரிய குழுக்களுக்கே ஏற்றது. பரவல் கோணியதற்குத் தேர்வின் குறையே காரணம், திறன் உண்மையில் சீராகப் பரவியுள்ளது என்று நம்புவதற்கு இடமிருந்தால் மட்டுமே அதைக் கையாளவேண்டும். எட்டுப்பேர் கொண்ட வகுப்புக்கு நேர்கோட்டு முறையே போதுமானது. டி மதிப்பெண் 60 பெற்றவர் குழுவில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினரைவிட மேலானவர் என்னும் கூற்றும், பரவல் இயல்நிலையில் இருந்தால் மட்டுமே பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானியப் பள்ளிகளில் மாணவரின் நிலையைக் குறிக்க வழங்கும் 'ஹென்சாச்சி' என்னும் எண்ணும் சராசரி 50, திட்டவிலக்கம் 10 கொண்ட அளவுகோலே. எலும்பு அடர்த்திச் சோதனை அறிக்கையிலும் 'டி மதிப்பெண்' என்னும் பெயர் காணப்படும். அது இதனின்று வேறானது. அங்கே இளம்வயதினரின் சராசரி சுழியாகக் கொள்ளப்படுகிறது, −2.5 அல்லது அதற்குக் கீழான எண் எலும்புத் தேய்மானத்தைக் குறிக்கும்.

கற்பவை கற்றபின்

1. ஓர் இயற்பியல் தேர்வின் சராசரி 60, திட்டவிலக்கம் 8. அதில் 76 பெற்றவரின் டி மதிப்பெண்ணைக் காண்க. டி மதிப்பெண் 45 பெற்றவரின் மூல மதிப்பெண் யாது?
2. பாடத்தில் உள்ள அட்டவணையில் கணிதத்திற்கு இரட்டை எடை தந்தால் உதவித்தொகை எவருக்குச் செல்லும்? கணக்கிட்டுக் காரணத்துடன் எழுதுக.
3. உங்கள் வகுப்பின் இரண்டு பாடத் தேர்வுகளின் மூல மதிப்பெண்களைப் பெயரின்றித் திரட்டி, டி மதிப்பெண்களாக மாற்றுக. எந்தப் பாடம் மூலக் கூடுதலில் மிகுந்த எடை பெற்றிருந்தது என்பதை விளக்குக.